சைகை மொழிபெயர்ப்பும் திரை எழுத்தும்: பதிவுப் படிவத்திலிருந்து மேடை வரை

மேனாம்பேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை, சிறுதொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளம். எதிர்பார்ப்பது எண்பது பேர். உத்யம் பதிவு, ஜிஎஸ்டி, வங்கிக் கடன் என்று மூன்று அமர்வுகள், கடைசியில் கேள்வி நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால், பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஏதாவது தொடங்கலாம் என்று நினைக்கும் காது கேளாதவர்களும் வர வாய்ப்புண்டு. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கூட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். அமைப்பாளர்கள் வழக்கமாகச் சொல்வது, "யாராவது கேட்டால் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறோம்" என்பது. காது கேளாதவர் தரப்பில் வழக்கமாக நடப்பது, அறிவிப்பில் சைகை மொழி பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால் பதிவே செய்யாமல் விட்டுவிடுவது. இவர்கள் கேட்கவில்லை என்று அவர்கள் செய்யவில்லை, அவர்கள் சொல்லவில்லை என்று இவர்கள் கேட்கவில்லை. இதை உடைக்க வேண்டியது அமைப்பாளர்தான். படிவத்தைத் திறப்பதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் தேதியைப் பேசி வையுங்கள். "இந்த ஞாயிறு உங்களுக்கு ஒதுக்க முடியுமா? இன்ன தேதிக்குள் உறுதி செய்வோம், அதற்குப் பிறகு நாங்கள் ரத்து செய்தால் பாதித் தொகை தருகிறோம்" என்று வாட்ஸாப்பில் எழுத்தாகவே கேட்டுவிடலாம். அதன்பிறகு அறிவிப்பில் "இந்திய சைகை மொழிபெயர்ப்பு உண்டு, தேவைப்படுவோர் இன்ன தேதிக்குள் படிவத்தில் குறிப்பிடவும்" என்ற வரியைத் தைரியமாகப் போடலாம்.

தேதிக் கணக்கு இப்படி வரும்: கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பு மொழிபெயர்ப்பாளரிடம் பேச்சு, ஐந்து வாரம் இருக்கும்போது படிவம் திறப்பு, மூன்று வாரம் இருக்கும்போது ஏற்பாடு கேட்பதற்கான கடைசி நாள். பொதுப் பதிவு கூட்டத்துக்கு முந்தின நாள் வரைகூடத் திறந்திருக்கலாம். ஏற்பாடு கேட்பதற்கு மட்டும் தனிக் கடைசித் தேதி வேண்டும், அதுவும் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

அறிவிப்பும் எழுத்தாக மட்டும் போனால் போதாது. பிறவியிலேயே கேட்காத பலருக்குச் சைகைதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் பள்ளியில் சிரமப்பட்டுக் கற்ற இரண்டாவது மொழி. எனவே நாள், இடம், பொருள், கட்டணம் ஆகியவற்றை ஒரு நிமிடத்துக்குள் சைகையில் சொல்லும் வீடியோ ஒன்றை எடுத்து அனுப்புங்கள். அதில் சைகை செய்பவர் காது கேளாத ஒருவராகவே இருந்தால் செய்தி வேகமாகப் பரவும். சென்னையில் காது கேளாதோருக்கு வாட்ஸாப் குழுக்கள் ஏராளம், பள்ளிக்கூட நட்பில் உருவானவையே அதிகம். அடையாறு செயின்ட் லூயிஸ், சாந்தோம் சி.எஸ்.ஐ. பள்ளி, ராமாபுரத்து எம்.ஜி.ஆர். பள்ளி ஆகியவற்றின் பழைய மாணவர் ஒருவரைப் பிடித்தால் வீடியோ மற்றவர்களிடம் தானாகப் போய்ச் சேரும்.

இனி படிவத்துக்கு வருவோம். பல படிவங்களில் "நீங்கள் மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி இருக்கும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் ஏற்பாடு செய்ய முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர். சான்றிதழுக்கு இந்தப் பிரிவு பயன்படும், கூட்டத்துக்கு உதவாது. 70 டெசிபலுக்கு மேல் இழந்த ஒருவர் வாய்ப்பேச்சு வழியில் கற்பிக்கும் பள்ளியில் படித்திருந்தால் அவருக்குச் சைகையே தெரியாமல் இருக்கலாம். ஐம்பது வயதில் கேட்கும் திறனை இழந்த ஒரு லேத் தொழிலாளி தமிழை நன்றாக வாசிப்பார், சைகை அவருக்குப் பயன்படாது. காதொலிக் கருவி போட்டிருக்கும் இன்னொருவருக்கு இரண்டுமே வேண்டாம், எதிரொலி இல்லாத மைக்கும் முன்வரிசை நாற்காலியும் போதும். மூவருமே "ஆம்" என்றுதான் டிக் அடிப்பார்கள். ஆகவே உடல்நிலையைக் கேட்காமல் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

எங்கள் கைக்கு வசதியாக அமைந்த கேள்வி இது: "நிகழ்ச்சியை முழுமையாகப் பின்தொடர உங்களுக்கு எந்த ஏற்பாடு வேண்டும்? ஒன்றுக்கு மேலும் தேர்ந்தெடுக்கலாம்." அதன் கீழே தெரிவுகள்: இந்திய சைகை மொழிபெயர்ப்பு, திரையில் தமிழ் எழுத்து, திரையில் ஆங்கில எழுத்து, பேசுபவரின் முகம் தெரியும் முன்வரிசை இருக்கை, பேச்சின் குறிப்புகள் முன்கூட்டியே, படி இல்லாத வழி, வேறு (எழுதவும்). இதற்கு அடுத்து, "இது பற்றி உங்களை எப்படித் தொடர்புகொள்ளலாம்?" என்று கேட்டு வாட்ஸாப் செய்தி, வீடியோ கால், மின்னஞ்சல், தொலைபேசி ஆகிய நான்கையும் கொடுங்கள். படிவத்தில் கைபேசி எண் இருக்கிறதே என்று காது கேளாதவருக்கு ஃபோன் போட்டு, எடுக்கவில்லை என்று பெயரை அடித்துவிட்ட அமைப்பாளர்கள் உண்டு.

கேட்கக் கூடாதவையும் இருக்கின்றன. யுடிஐடி அட்டை எண், ஊன சதவீதம், மருத்துவச் சான்று எதுவும் வேண்டாம். சலுகைக் கட்டணம் தருகிறீர்கள் என்றால் மட்டும் சான்று கேட்கலாம், அதையும் தனியாகக் கேளுங்கள். ஏற்பாடு பற்றிய கேள்விகளுக்கான பதில் அதைக் கவனிக்கும் இரண்டு பேருக்கு மேல் யாருக்கும் தெரியத் தேவையில்லை. கூகுள் ஷீட்டை மொத்தக் குழுவுக்கும் பகிர்வது நம் ஊரில் சாதாரணம். அந்தப் பத்தியை மட்டும் தனி ஷீட்டுக்கு மாற்றிவிடுங்கள், கூட்டம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் படிவம் தோற்கும் இடம் ஒன்று உண்டு. பதில் வந்து விழும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஏற்பாட்டுக்கென்று ஒருவர் பெயர் வேண்டும். அவர் இரண்டு நாளுக்குள், "உங்கள் பதிவு கிடைத்தது, சைகை மொழிபெயர்ப்பு உறுதி" என்றோ, "ஆங்கிலத் திரை எழுத்து எங்களால் முடியாது, தமிழில் மட்டும் இருக்கும், வருவீர்களா?" என்றோ பதில் அனுப்ப வேண்டும். முடியாது என்பதை மூன்று வாரம் முன்பு சொன்னால் அது தகவல். மண்டபத்துக்கு வந்தபின் சொன்னால் அவருடைய ஞாயிற்றுக்கிழமை வீண்.

நம் உதாரணத்தில் கடைசி நாளன்று மூன்று பேர் சைகையும், இரண்டு பேர் தமிழ்த் திரை எழுத்தும், ஒருவர் முன்வரிசையும் கேட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம்.

ஆறு மணி நேர நிகழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும். பட்ஜெட் போடும்போது முதலில் வெட்டு விழுவது இங்கேதான், "கேட்பது மூன்றே பேர், ஒருவர் போதாதா?" என்பார்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பேச்சைக் கேட்டு, பொருளைப் பிடித்து, வேறு இலக்கணம் உள்ள மொழியில் கையாலும் முகத்தாலும் நிறுத்தாமல் சொல்வது மூளைக்குக் கடும் வேலை. இருபது நிமிடம் போனால் தரம் இறங்கத் தொடங்கும், முதலில் உதிர்வது எண்களும் பெயர்களும். அதனால் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஓய்வில் இருப்பவரும் சும்மா இருப்பதில்லை, கூட்டாளி தவறவிட்ட தொகையை எடுத்துக்கொடுப்பார். ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள்.

யாரை அழைப்பது? முறையாகப் பயின்றவர்கள் என்றால், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற சைகை மொழிபெயர்ப்புப் பட்டயம் முடித்தவர்கள். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் இந்தப் படிப்பை நடத்துகிறது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பேசுவதற்கு முன்பே சைகை கற்றவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் வருவார்கள், ஆனால் அவர்களிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். வகுப்பறைப் பழக்கத்தில் பேச்சைச் சுருக்கி எளிமையாக்கிச் சொல்லிவிடுவார்கள், மாணவருக்குப் பதிலாகத் தாமே பதில் சொல்லியும் விடுவார்கள். கடன் வட்டி பற்றிப் பேசும்போது அந்தச் சுருக்கம் ஆபத்து. வெளிமாநிலத்திலிருந்து வருபவர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: இந்திய சைகை மொழியிலும் வட்டார வழக்கு உண்டு, டெல்லியில் போடும் சில சைகைகள் சென்னையில் வேறு.

இவற்றையெல்லாம் சைகை தெரியாத அமைப்பாளர் எப்படி அளப்பது? நீங்கள் அளக்க வேண்டாம். ஏற்பாடு கேட்ட மூவரில் ஒருவருக்கு அந்த மொழிபெயர்ப்பாளரின் பெயரை அனுப்பி, "இவர் வந்தால் சரியா?" என்று கேளுங்கள். சென்னையில் இந்த வட்டம் சிறியது, பத்து நிமிடத்தில் நேர்மையான தீர்ப்பு வந்துவிடும்.

பணப் பேச்சில் மறைவு வேண்டாம். நாள் கூலியா, அரை நாளா, பயணச் செலவு தனியா, நிகழ்ச்சியைப் பதிவு செய்து யூடியூபில் போடுவதானால் அதற்கு அவர்களின் ஒப்புதலும் தொகையும் என்ன என்று எல்லாவற்றையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். "சமூக சேவைதானே, குறைத்துக்கொள்ளுங்களேன்" என்ற வாசகத்தை மைக் செட்காரரிடம் சொல்ல மாட்டோம், இவர்களிடம் மட்டும் சொல்வோம். மைக் செட்காரருக்குப் பணம் கொடுக்கும் அதே மாலையில் இவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் முன்பு பேச்சாளர்களிடமிருந்து ஸ்லைடுகளையும், சொற்பட்டியலையும் வாங்கி மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். நம் கூட்டத்தில் உத்யம், ஜிஎஸ்டி, மானியம், பிணையம், தவணை, பேச்சாளர் பெயர், வங்கிப் பெயர் எல்லாம் அதில் வரும். பட்டியல் இல்லாவிட்டால் புதுச் சொல் வரும்போதெல்லாம் ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் போட்டுக் காட்டுவதைத் தவிர வழியில்லை. அதற்குள் பேச்சு இரண்டு வாக்கியம் தாண்டிப் போய்விடும். "ஸ்லைடு அன்றைக்குக் காலையில்தான் ரெடியாகும்" என்கிற பேச்சாளர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரிடம் ஸ்லைடு கேட்காதீர்கள், அவர் சொல்லப் போகும் பத்து முக்கியச் சொற்களை மட்டும் ஆடியோவில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிவிடுவார்.

மொழிபெயர்ப்பு ஏற்பாடு தொழில்நுட்பக் குழுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் பெங்களூரைச் சேர்ந்த காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியாக ஒரு வழக்கில் பங்கேற்றார். மொழிபெயர்ப்பாளரின் வீடியோ திரையில் தொடர்ந்து தெரிவதற்குக் காணொலியை நிர்வகிக்கும் தரப்பு முதலில் இசையவில்லை. பிறகு தலைமை நீதிபதி சந்திரசூட் அனுமதித்ததும் விசாரணை நடந்தது. ஏற்பாடு செய்தவர்களுக்கும் திரையைக் கையாள்பவர்களுக்கும் இடையே பேச்சு இல்லாவிட்டால் எந்த அரங்கிலும் இதுதான் நடக்கும். உங்கள் கூட்டம் ஜூமில் நடந்தால், மொழிபெயர்ப்பாளரின் கட்டத்தை "Spotlight" செய்து எல்லோருக்கும் தெரிய வைப்பது யார் பொறுப்பு என்று முந்தின நாளே எழுதி வையுங்கள்.

மண்டபத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடம் பேச்சாளருக்கு ஓரிரண்டு அடி தள்ளிப் பக்கத்தில், திரையும் அதே பார்வைக்குள் வரும்படி அமைய வேண்டும். பின்னால் ஜரிகைத் திரையும் சீரியல் பல்பும் இருந்தால் கை தெரியாது, ஒற்றை நிறத் துணி கட்டச் சொல்லுங்கள். சைகை பார்ப்பவர்களுக்கு அந்தப் பக்கத்து முன் இரண்டு வரிசையை ஒதுக்குங்கள். வழக்கமாக விழும் குழி, வீடியோ போடும்போது விளக்கை அணைப்பது. விளக்கு போனால் மொழிபெயர்ப்பும் போய்விடும். மேடையோர விளக்கு ஒன்று எப்போதும் எரியட்டும்.

பேச்சாளருக்குச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, கேள்வி கேட்பவரைப் பார்த்துப் பேசுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவருக்கு எவ்வளவு லோன் வேணுமாம்?" என்று கேட்காதீர்கள். இரண்டு, உத்யம் தளத்தில் எங்கே அழுத்துவது என்று செய்து காட்டும்போது, முதலில் சொல்லுங்கள், நிறுத்துங்கள், பிறகு காட்டுங்கள். கேட்கிறவர் காதால் கேட்டுக்கொண்டே திரையைப் பார்ப்பார். சைகை பார்ப்பவருக்கு இரண்டுக்கும் இருப்பது ஒரே ஜோடிக் கண்.

கேள்வி நேரத்தில் மொழிபெயர்ப்பாளரிடம் கையில் பிடிக்கத் தேவையில்லாத ஒரு மைக் இருக்க வேண்டும். காது கேளாதவர் சைகையில் கேட்பதை அவர்தான் குரலில் சொல்வார், கையில் மைக் பிடித்தால் பதிலைச் சைகையில் சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்தில் அவர்களைச் சாப்பிட விடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் போகாமல் பார்த்துக்கொண்டால், வங்கி மேலாளரிடம் தனியாகப் பேச விரும்பும் காது கேளாதவருக்கும் வழி இருக்கும்.

திரை எழுத்து இதிலிருந்து வேறு வகை வேலை. தட்டச்சு மேல்நிலைத் தேர்வில் தேறியவரின் வேகம் நிமிடத்துக்கு 45 சொல். மேடையில் உற்சாகமாகப் பேசுபவர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போவார். எனவே தமிழில் ஒரு தட்டச்சாளரை உட்கார வைத்து முழுப்பேச்சும் எழுத்தாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடைமுறையில் வெல்லும் வழி, பாதியை முன்பே அடித்து வைத்துக்கொள்வது. வரவேற்புரை, அறிமுகம், திட்டங்களின் விதிகள், தொகைகள் ஆகியவை பெரும்பாலும் எழுதி வைத்ததுதான். அவற்றை இரண்டிரண்டு வரியாக ஸ்லைடில் ஏற்றி, பேச்சோடு நகர்த்தலாம். எழுதாமல் பேசும் பகுதிகளுக்கும் கேள்வி நேரத்துக்கும் மட்டும் இருவர் மாறி மாறித் தட்டச்சு செய்யட்டும். சொல்லுக்குச் சொல் வராது, ஒவ்வொரு வாக்கியத்தின் பொருளும் வரும். "சுருக்கமான எழுத்து" என்று படிவத்திலேயே சொல்லிவிட்டால் வருபவர் ஏமாற மாட்டார்.

பவர்பாயிண்ட் திரையின் அடியில் இதைத் திணித்தால் இரண்டும் கெடும். வாடகைக்கு ஒரு டிவி எடுத்து மேடையின் மறுபக்கம் வையுங்கள். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஒரு நேரத்தில் மூன்று வரிக்கு மேல் வேண்டாம், கடைசி வரிசையிலிருந்து நீங்களே வாசித்துப் பாருங்கள். கைபேசியில் "Live Transcribe" செயலி தமிழையும் எழுத்தாக்கும். மைக் பக்கத்தில் வைத்தால் தனி ஒருவருக்குத் துணையாக இருக்கும். கல்யாண மண்டபத்து எதிரொலியில் பெயரும் தொகையும் தப்பாக வரும் என்பதால் கடன் விவரம் பேசும் அமர்வுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சைகை, திரை எழுத்து இரண்டில் ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்ற பேச்சும் எழும். அந்த லேத் தொழிலாளிக்குச் சைகை பயனில்லை, சைகையில் வளர்ந்தவருக்கு வேகமாக ஓடும் எழுத்துத் தமிழ் பயனில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆவது பிரிவு மின்னணு ஊடகங்களைப் பற்றிப் பேசும்போதும் சைகை மொழிபெயர்ப்பையும் திரை எழுத்தையும் தனித்தனியாகத்தான் குறிப்பிடுகிறது.

வந்து சேர்வதிலும் ஒரு சின்ன முள் இருக்கிறது. அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ புக் செய்தால், ஓட்டுநர் முதலில் செய்வது ஃபோன் அடித்து "எங்க நிக்கிறீங்க?" என்பது. காது கேளாத பயணி எடுக்க மாட்டார், ஓட்டுநர் ரத்து செய்துவிடுவார். மண்டபத்தின் இருப்பிடத்தை வாட்ஸாப்பில் லொக்கேஷனாக அனுப்புங்கள். கூடவே, வந்து சேர முடியாவிட்டால் செய்தி அனுப்ப ஒரு தன்னார்வலர் எண்ணையும் கொடுங்கள். ஓட்டுநரிடம் அவர் பேசிக்கொள்வார்.

அன்று ஏற்பாடு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? தலையாட்டலை நம்பாதீர்கள், புரியாதபோதும் மரியாதைக்குத் தலையாட்டுவது மனித இயல்பு. பேச்சாளரின் நகைச்சுவைக்கு மண்டபம் சிரிக்கும்போது, இரண்டு நொடி தாமதமாகச் சைகை பார்ப்பவர்களின் வரிசையும் சிரிக்கிறதா என்று பாருங்கள். பேச்சு ஓடும்போது மொழிபெயர்ப்பாளரின் கை நீண்ட நேரம் நின்றிருந்தால் ஏதோ தவறு. முதல் இடைவேளையில் அந்த மூவரிடம், "பிணையம் எவ்வளவுக்கு மேல் கேட்பார்கள் என்று சொன்னார்கள்?" என்பது போல உள்ளடக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். மூவரும் மூன்று பதில் சொன்னால், வேகத்தைக் குறைக்கப் பேச்சாளரிடம் சொல்ல இன்னும் இரண்டு அமர்வுகள் மீதி இருக்கின்றன.

அடுத்த கூட்டத்துக்கான படிவத்தை வெளியிடும் முன், அதை இந்த மூவரில் ஒருவருக்கு அனுப்பி நிரப்பச் சொல்லுங்கள். அவர் எந்தக் கேள்வியில் தயங்குகிறாரோ அந்தக் கேள்வியை மாற்றி எழுதுங்கள், அந்த வேலைக்கும் அவருக்குப் பணம் கொடுங்கள்.